இரணைமடுத் தண்ணீர் யாருக்கு, எப்போது? கலந்துரையாடல் ஒலிப்பதிவின் சுருக்கம்

இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பற்றிக் கிளிநொச்சியில் நடந்த இந்தக் கலந்துரையாடலுக்கு வர முடியாத அங்கத்தவர்களுக்காக எழுதுகிறேன். ஐந்து பேர் பேசினார்கள். "யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் கொடுப்பதா, இல்லையா" என்று இரண்டு கட்சி கட்டி இதை எழுதினால் ஐந்து பேருக்குமே அநியாயம் செய்ததாகிவிடும். அதனால் யார் எதைச் சொன்னார் என்பதைக் கலக்காமல் தருகிறேன்.

முதலில் பேசியவர் கமக்காரர் அமைப்பின் பிரதிநிதி. குடிக்கத் தண்ணீர் கேட்பவரை மறுக்கவில்லை என்றுதான் அவர் தொடங்கினார். அவருடைய கேள்வி சிறுபோகம் பற்றியது. மாரியில் குளம் நிரம்பினாலும் சிறுபோகத்தில் எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று கூட்டம் வைத்துத்தான் பிரிக்கிறார்கள். "எனக்கு மூன்று ஏக்கர். அதில் ஒரு ஏக்கர்கூட விதைக்காத சிறுபோகம் உண்டு" என்றார். குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு வந்த குடிநீர்த் திட்டத்தை எதிர்த்ததும் இதனால்தான் என்றார். வயலுக்கு எவ்வளவு என்பது எழுத்தில் உறுதியாகும்வரை குழாய் பற்றிப் பேசமாட்டோம் என்பது அவருடைய நிலைப்பாடு.

ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் இதை மறுத்தார். குளம் முழுக் கொள்ளளவுக்கு நிரம்பிய பிறகும் நல்ல மாரியில் வான்கதவு வழியே தண்ணீர் கடலுக்குப் போகிறது, அதில் ஒரு பங்கை எடுப்பதால் கமக்காரருக்கு இழப்பில்லை என்றார். வாய்க்காலில் வீணாகும் தண்ணீரைக் குறைத்தாலே சிறுபோகப் பரப்பைக் கூட்டலாம் என்பதும் அவர் கருத்து. கமக்காரர் உடனே குறுக்கிட்டார்: வான் பாய்வது மார்கழியில், யாழ்ப்பாணம் தவிப்பது ஆவணியில், அதுவரை அந்தத் தண்ணீரை எங்கே வைத்திருப்பீர்கள்? பொறியியலாளர் அணைக்கட்டின் உயரத்தைப் பற்றிப் பேசினார். தேக்கி வைக்கும் தண்ணீரில் யாருக்கு முன்னுரிமை என்பதற்கு அவரிடமிருந்து நேரான பதில் வரவில்லை. இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பல்கலைக்கழகப் புவியியல் விரிவுரையாளரின் பார்வை வேறு. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை, சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைதான் கிணற்று நீர். அதில் உரமும் மலக்குழிக் கழிவும் கலந்து நைத்திரேற்றைக் கூட்டுகின்றன, கரையோரத்தில் உவர் ஏறுகிறது. தாளையடியில் 2024இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தரக்கூடியது என்றாலும், அதற்கு மின்சாரச் செலவு பெரிது என்றார். இரணைமடு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொந்தக் கிணற்றைக் காப்பாற்றாமல் வெளித் தண்ணீரை நம்பக்கூடாது என்றுதான் சொன்னார். அவரைக் கமக்காரர் பக்கம் சேர்த்துப் பேசுவது தவறு.

நன்னீர் மீனவர் பிரதிநிதி சுருக்கமாகப் பேசினார். வயலுக்கோ குழாய்க்கோ, குளத்தை அடிவரை இறக்கினால் மீன் மிஞ்சாது. ஒரு குறைந்தபட்ச மட்டம் வேண்டும். இதில் அவர் கமக்காரரோடும் உடன்படவில்லை.

எல்லோரும் கோடையைப் பற்றிப் பேச, குளத்துக்குக் கீழேயுள்ள கண்டாவளையின் மாதர் சங்கத் தலைவி மட்டும் மாரியைப் பற்றிப் பேசினார். அன்றைய கூட்டத்தில் மிக முக்கியமான பேச்சு இதுதான் என்பது என் எண்ணம். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிடக்கூடத் தனக்கு நேரம் இருக்கவில்லை என்றார். விடிந்தபோது விதைநெல் மூட்டைகள் தண்ணீருக்குள் ஊறி வெடித்துக் கிடந்தனவாம். "தண்ணீரை எங்கே கொண்டு போனாலும் சரி. கதவு திறக்க முன்னம் எங்களுக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டார். குழாய்த் திட்டத்தை அவர் ஆதரிக்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை. அவர் கேட்டவை இரண்டு: கதவு திறக்க முன்னர் ஊருக்கு எச்சரிக்கை, குளத்து முகாமைத்துவக் குழுவில் கீழ்நிலத்து ஊர்களுக்கும் ஓர் இடம்.

எச்சரிக்கை வேண்டும் என்பதைப் பொறியியலாளர் ஏற்றார், ஆனால் அவசர நேரத்தில் கதவைத் திறக்கும் முடிவு நீர்ப்பாசனத் திணைக்களத்திடமே இருக்க வேண்டும் என்றார். குழுவில் இடம் கொடுப்பதைக் கமக்காரர் பிரதிநிதி வரவேற்றார், தன் அமைப்பைக் கேட்காமல் வாக்குத் தர முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார். விரிவுரையாளரும் மீனவரும் இதுபற்றி எதுவும் சொல்லவில்லை.

கடைசியில் சபையிலிருந்து வந்த கேள்விகள் ஒலிப்பதிவில் தெளிவாக இல்லாததால் அவற்றைச் சேர்க்கவில்லை. உங்கள் கேள்வி விடுபட்டிருந்தால் சிறுபோகக் கூட்டத்துக்கு முன்னர் எழுதித் தாருங்கள்.