மயில்கழுத்துப் புடவைப் படங்கள், இரண்டாம் சுற்று: என் குறிப்பு

தம்பி,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய நான்கு படங்களையும் காலையில் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். புடவையைப் பக்கத்திலேயே விரித்து வைத்திருந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: வேலை கூடிப்போய்விட்டது. படம் பளபளவென்று இருக்கிறது, ஆனால் அதில் இருப்பது நம்ம புடவை இல்லை.

பின்னணியை ஒரே சீராக வெள்ளையாக்கியது, தொங்கவிட்ட கிளிப்பின் தடத்தை அழித்தது, தூசி எடுத்தது எல்லாம் சுத்தமான வேலை. அதில் கை வைக்க வேண்டாம். மீதியைத்தான் பேச வேண்டும்.

முதலில் நிறம். மயில்கழுத்து என்பது ஒரு நிறம் இல்லை தம்பி, இரண்டு. பாவு நீலம், ஊடை பச்சை. அதனால்தான் துணியை இப்படித் திருப்பினால் நீலமும் அப்படித் திருப்பினால் பச்சையும் அடிக்கிறது. மடிப்பின் மேட்டில் ஒன்று தெரிந்தால் பள்ளத்தில் இன்னொன்று தெரியும். இந்தப் புடவைக்கு விலையே அந்த ஆட்டத்துக்குத்தான். நீ போட்ட கிரேடில் மேடு, பள்ளம் எல்லாம் ஒரே டீல் நிறமாகிவிட்டது. சினிமா போஸ்டருக்கு அது எடுபடும். இங்கே ஒற்றை நிறத்தில் சாயம் போட்ட துணி மாதிரி இருக்கிறது.

சேச்சுரேஷன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உனக்கே தெரிய ஒரு வழி சொல்கிறேன். உன் ஃபைலைத் திறந்து `Ctrl + 3` அழுத்தி சிவப்பு சேனலை மட்டும் பார். உடல் பகுதி முழுக்கத் தார் ஊற்றியது போல ஒரே கறுப்பு. அங்கே சிவப்பின் மதிப்பு 0. அந்த டீல் நிறம் sRGB-யின் எல்லைக்கு வெளியே போய்விட்டதால் அந்த சேனலில் இருந்த நெசவு விவரம் மொத்தமும் போய்விட்டது. ஒரிஜினல் ராவைத் திறந்து அதே சேனலைப் பார்த்தேன், இழை இழையாகத் தெரிகிறது.

சரிகையும் அப்படித்தான். அசல் சரிகை, பட்டு நூலில் வெள்ளி சுற்றி மேலே தங்க முலாம் பூசியது. அதன் மஞ்சளில் ஒரு அடக்கம் இருக்கும், சாய்த்துப் பார்த்தால் உள்ளே லேசாகச் சிவப்பு ஓடும். உன் படத்தில் எலுமிச்சை மஞ்சளாக மின்னுகிறது. விவரம் தெரிந்த அம்மா ஒருவர் பார்த்தால் "இது டெஸ்டட் சரிகை" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். போன ஆடித் தள்ளுபடியில் ஒரு புடவை "படத்தில் பச்சை, வந்தது நீலம்" என்று திரும்பி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அன்று கூரியர் செலவோடு போயிற்று. இது முகூர்த்தப் புடவை, கல்யாண வீட்டுக்காரர்களிடம் அப்படித் தப்பிக்க முடியாது.

வரிசையின் முதல் ஃபிரேமில் கிரே கார்டு பிடித்திருக்கிறேன். வொயிட் பேலன்ஸை அதிலிருந்து எடுத்து நான்கு படத்துக்கும் அதையே போடு. பிறகு நிறத்துக்கென்று தனியாக எதுவும் வேண்டாம். கேட்கத் தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதே: ராத்திரி வேலை செய்யும்போது லேப்டாப்பில் நைட் லைட் ஓடிக்கொண்டிருந்ததா? திரை மஞ்சளாக இருந்தால் கை தானாக நீலத்தை ஏற்றும்.

அடுத்தது ரீடச்சிங். எனக்கு நிஜமாகவே வருத்தம் இதில்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இதை நெய்தவரே கூலி வாங்க வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் குனிந்தவர் கேட்ட முதல் கேள்வி: "கோர்வை எங்கம்மா போச்சு?"

உடலும் கரையும் சேரும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி ஒரு கோடு ஓடுமே, அதை நீ குறை என்று நினைத்து ஹீலிங் பிரஷ்ஷால் நேராக்கியிருக்கிறாய். கரைக்கு ஒரு தறி நாடா, உடலுக்கு ஒன்று, அந்தப் பக்கக் கரைக்கு ஒன்று என மூன்று நாடா ஓட்டி, பக்கத்தில் இன்னொரு ஆளை உட்கார வைத்து, ஒவ்வொரு ஊடையிலும் இரண்டு நிறத்தையும் கோத்து வாங்கும் இடம் அது. கைத்தறி என்பதற்கு வாங்குகிறவர்கள் தேடிப் பார்க்கும் அடையாளமும் அதுதான். முந்தானை ஆரம்பிக்கும் இடத்தில் இருந்த பிட்னியையும் காணோம். அங்கே உடல் பாவோடு அரக்குப் பாவைப் பிணைத்திருப்பதால் துணி கொஞ்சம் தடிப்பாகத்தான் இருக்கும். நீ அதை மடிப்புத் தடம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். உனக்கு முன்னாடியே நான் சொல்லியிருக்க வேண்டும், அந்தத் தப்பு என்னுடையது.

ஃப்ரீக்வன்சி செபரேஷனை முழுக்க எடுத்துவிடு. முகத்தோலுக்குச் செய்வதைப் பட்டில் செய்தால் இழையின் சின்னச் சின்ன மேடுகள் வழுக்கிப்போய், ரெக்சின் உறை மாதிரி ஆகிவிடுகிறது. அதை ஈடுகட்டத்தான் கிளாரிட்டியை ஏற்றினாய் போல. கரையின் ஓரம் முழுக்க வெள்ளையாக ஒரு ஒளிவட்டம் நிற்கிறது பார், 200 சதவீதத்தில் பளிச்சென்று தெரியும். நிழலை அவ்வளவு தூக்கியதற்கு உன்னைச் சொல்ல மாட்டேன். இடப்பக்க விளக்குக்கு நான் டிஃப்யூசர் போடவில்லை, அந்த மடிப்பு இருண்டு போயிருந்தது. பாதி தூக்கினால் போதும். மடிப்பில் நிழல் இருந்தால்தான் துணிக்குக் கனம் தெரியும்.

கிராப் பற்றி அதிகம் இல்லை. முழுப் புடவைப் படத்தில் கீழ்க்கரை வெட்டுப்பட்டிருக்கிறது, கோபுரக் கரையில் இடது ஓரக் கோபுரம் பாதியில் நிற்கிறது. முந்தானையின் குஞ்சமும் ஃபிரேமுக்கு வெளியே. சதுரத்துக்குள் அடங்கவில்லை என்றால் சுற்றி வெள்ளை விடு. அமேசானின் முதல் படத்துக்குப் பொருள் 85 சதவீதம் நிரம்பினால் போதும், முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. நான்காவது படமான சரிகை நெருக்கத்தை மட்டும் விட்டுவிடு. 6000 பிக்சல் அகலத்திலிருந்து 880-ஐ வெட்டி எடுத்து மறுபடி 2000 ஆக்கியிருக்கிறாய், அதனால்தான் சரிகை படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிகிறது. நாளை காலை மேக்ரோ லென்ஸில் நானே புதிதாக எடுத்து அனுப்புகிறேன்.

இந்த ஃபைலையே திருத்திக்கொண்டு உட்காராதே, லேயரெல்லாம் ஒட்டிவிட்டாய், திரும்பி வராது. ராவிலிருந்து ஆரம்பி. முந்தானைப் படத்தை மட்டும் முதலில் முடித்து, லேயரோடு வியாழக்கிழமை பத்து மணிக்குள் அனுப்பு. அந்த நேரம் கடை வாசலில் நேர் வெயில் இருக்காது, வெளிச்சம் நன்றாக இருக்கும். புடவையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன். அது சரியாக வந்துவிட்டால் மற்ற இரண்டும் அரை மணி நேர வேலை.

இந்தச் சுற்றுக்கான பணத்தையும் சேர்த்தே போடச் சொல்லியிருக்கிறேன், அதை நினைத்துக் கவலைப்படாதே.

அக்கா