சோதனை 4: லென்சின் குவியத் தொலைவும் தொலைநோக்கியின் பிரிதிறனும்

(இயற்பியல் இரண்டாம் ஆண்டு, ஒளியியல் ஆய்வகக் கையேடு, தமிழாக்கம்)

சொற்களைப் பற்றி: ஒளி உள்ளே நுழையும் வழியைத் 'திறப்பு' என்று எழுதியிருக்கிறோம். 'துளை' என்றால் ஊசியால் குத்திய ஓட்டைதான் நினைவுக்கு வருகிறது. மூல நூலில் D என்ற ஒரே எழுத்து ஓரிடத்தில் பொருளுக்கும் திரைக்கும் உள்ள தொலைவையும், வேறிடத்தில் திறப்பின் விட்டத்தையும் குறிக்கிறது. இங்கே தொலைவுக்கு L, வட்டத் திறப்பின் விட்டத்துக்கு D, பிளவின் அகலத்துக்கு a.

பகுதி அ: குவியத் தொலைவு

ஒளியியல் மேசையில் ஒளியூட்டிய கம்பி வலையையும் திரையையும் L = 100 செ.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். நடுவே குவிலென்சை நகர்த்தினால் இரண்டு இடங்களில் தெளிவான பிம்பம் விழும்; ஒன்று பெரியது, மற்றது சிறியது. அந்த இரு இடங்களுக்கும் இடையே உள்ள தொலைவு x எனில்,

f = (L² − x²) / 4L

x = 44.7 செ.மீ. என்றால் f ஏறக்குறைய 20 செ.மீ. L நான்கு மடங்கு f-ஐவிடக் குறைந்தால் எவ்வளவு நகர்த்தினாலும் திரையில் பிம்பம் கிடைக்காது. லென்சைக் குறை சொல்லாமல் திரையைத் தள்ளி வையுங்கள்.

பகுதி ஆ: பிரிதிறன்

அருகருகே உள்ள இரு பொருள்களைத் தனித்தனியாகக் காட்டும் ஆற்றலே பிரிதிறன். உருப்பெருக்கம் வேறு, கலங்கிய பிம்பத்தைப் பெரிதாக்கினால் பெரிய கலங்கல்தான் கிடைக்கும். எல்லையை வகுப்பது விளிம்பு விளைவு. ராலே நிபந்தனைப்படி, பிரித்தறியக்கூடிய மிகச்சிறு கோணம் வட்டத் திறப்புக்கு θ = 1.22 λ/D, செவ்வகப் பிளவுக்கு θ = λ/a. கோணம் சிறுத்தால் பிரிதிறன் கூடுகிறது. விடைத்தாள்களில் அதிகம் தலைகீழாவது இந்த இடம்தான்.

சோடியம் ஆவி விளக்கின் முன் 1 மி.மீ. இடைவெளிக் கம்பி வலையை வைத்து, 2 மீட்டர் தள்ளித் தொலைநோக்கியை நிறுத்துங்கள். பொருளருகு லென்சின் முன் பிளவைச் செங்குத்தாகப் பொருத்தி, வலை தெளிவாகத் தெரியும்படி குவியப்படுத்துங்கள். பிறகு பிளவை மெல்லக் குறுக்குங்கள். செங்குத்துக் கம்பிகள் மங்கி மறையும் கணத்தில் நிறுத்துங்கள். கிடைக் கம்பிகள் அப்போதும் தெரியும். அது பிழையன்று, பிளவு அகலவாக்கில்தானே குறுகியிருக்கிறது! பிளவைக் கழற்றி, அகலத்தை நகரும் நுண்ணோக்கியில் அளந்திடுங்கள். திருகை ஒரே திசையில் மட்டும் திருப்புங்கள்.

கணக்கு: θ = 0.1/200 = 0.0005 ரேடியன். λ = 5893 × 10⁻⁸ செ.மீ. எனவே a = λ/θ = 0.118 செ.மீ.

உங்கள் அளவீடு இதனோடு அப்படியே பொருந்தாது. கம்பி மறைந்தது என்று தீர்மானிப்பது கண். ஒருவர் கண் மற்றவர் கண்ணைப் போல இராது. ஐந்து முறை அளந்து சராசரி எழுதுங்கள். கணக்கிட்ட மதிப்புக்கு ஏற்ப அளவீட்டைத் திருத்தி எழுதினால் மதிப்பெண் இல்லை.

வாய்மொழித் தேர்வுக்கு: வலையை 3 மீட்டருக்குத் தள்ளினால் கம்பிகள் மறையும்போது பிளவின் அகலம் கூடுமா, குறையுமா?