படங்களில் உள்ள பழைய உலோகங்களுக்கு விலை கேட்டு

அண்ணாச்சி, வணக்கம். பாளையங்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவரின் மகள் செல்வி எழுதுகிறேன். அப்பா தை மாதம் தவறிவிட்டார். பட்டறை இடத்தை இந்த மாதக் கடைசியில் காலி செய்து கொடுக்க வேண்டும். 12 படங்கள் அனுப்பியிருக்கிறேன்; ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண் எழுதியிருக்கிறது. போன வாரம் வந்த ஒரு வியாபாரி எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டு "கலப்பு" என்று ஒரே விலை சொன்னார். அப்பா நாற்பது வருடம் தனித்தனி டப்பாவில் பிரித்து வைத்ததை அப்படிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் வகைவாரியாக எழுதுகிறேன். எடை எல்லாம் கொக்கித் தராசில் நான் போட்டுப் பார்த்தது. உங்கள் தராசில் முன்பின் இருக்கலாம்.

படம் 1, 2, 3 மூன்றும் கம்பி. இவற்றைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். முதலாவது பழைய மோட்டார்களிலிருந்து பிரித்தெடுத்த செம்பு, வார்னிஷ் எரிந்து கறுத்தது, 11 கிலோ. இரண்டாவது சுற்றாமல் ரீலிலேயே மீந்துபோன எனாமல் செம்புக் கம்பி, 6 கிலோ 400. மூன்றாவதும் பார்வைக்கு அதே செம்பு நிறம்தான். ஆனால் கையில் எடுத்தபோது பருமனுக்கு ஏற்ற கனம் இல்லை. பிளேடால் சுரண்டியதும் எனாமலுக்குக் கீழே வெள்ளையாகத் தெரிந்தது. அது அலுமினியம், 4 கிலோ. சுரண்டிய முனை தெரியும்படி கிட்டத்தில் படம் எடுத்திருக்கிறேன். செம்போடு சேர்த்துவிட வேண்டாம். உங்களுக்கும் நஷ்டம், எனக்கும் கெட்ட பெயர்.

படம் 4 பிளாஸ்டிக் உறையோடு இருக்கும் வயரிங் துண்டுகள், ஒரு சாக்கு. நறுக்கிப் பார்த்தவரை உள்ளே செம்பு. உறையை எரித்து எடுக்கவில்லை, இங்கே யாரையும் எரிக்க விடவும் மாட்டேன். உறையோடு என்ன விலை என்று சொல்லுங்கள்.

படம் 5 மூன்று மோனோபிளாக் மோட்டார்கள்: ஒன்று ஒரு ஹெச்பி, இரண்டு அரை ஹெச்பி. கூடு வார்ப்பிரும்பு. ஒரு ஹெச்பியில் உள்ளே இருப்பது செம்புச் சுற்று. அப்பா நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். மற்ற இரண்டையும் திறந்து பார்க்கவில்லை, அவற்றைச் செம்பு என்று நான் சொல்லமாட்டேன். முழு மோட்டாராக எடுத்தால் என்ன, பிரித்துக் கொடுத்தால் என்ன என்று இரண்டு விலையும் வேண்டும்.

படம் 6 ஃபுட் வால்வுகள். வெளியே பச்சை பிடித்திருக்கிறது. அரம் போட்ட இடம் பித்தளையைவிடச் சிவப்பாக இருக்கிறது. கன்மெட்டல் என்று நினைக்கிறேன், நீங்கள் பார்த்து உறுதி செய்யுங்கள். படம் 7 பளபளப்புக் குழாய்கள், எட்டு. எதிலும் காந்தம் ஒட்டவில்லை. சுரண்டியதில் ஐந்து மஞ்சள், அவை பித்தளை. மூன்று உள்ளேயும் சாம்பல் நிறம். அவற்றைப் பித்தளைக் கணக்கில் சேர்க்கவில்லை. 8, 9 இரும்பு: ஆங்கிள், ஜிஐ பைப், பேரிங், தகர டப்பா. இதில் பேச ஒன்றுமில்லை, அன்றைய விலை போதும்.

10 முதல் 12 வரை அம்மாவின் பாத்திரங்கள். பித்தளை அண்டா 9 கிலோ, அடியில் கீறல் விட்டது. அடுத்தது வெண்கலப் பானை, 5 கிலோ 200. விரலால் சுண்டினால் மணிபோல் நெடுநேரம் ஒலிக்கிறது, அண்டாவில் அந்த ஒலி இல்லை. இரண்டையும் பித்தளை என்று ஒரே தட்டில் வைக்காதீர்கள். பானைக் கழுத்தில் புள்ளி புள்ளியாக ஆச்சியின் பெயர் வெட்டியிருக்கிறது. அது விரிசல் இல்லாத பானை என்பதால், உடைக்காமல் பாத்திரமாகவே புழங்குகிறவர் யாராவது கேட்டால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன். கடைசிப் படம் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு, 850 கிராம், விளிம்பு உருகி வளைந்தது. வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்த்தேன், காரீயம்போல் கறுப்புக் கோடு விழவில்லை. வெள்ளீயத்தின் விலைக்கும் காரீயத்தின் விலைக்கும் இருக்கும் தூரம் உங்களுக்குத் தெரியாததல்ல.

படம் 5-இன் ஓரத்தில் தெரியும் இன்வெர்ட்டர் பேட்டரி விற்பனைக்கு அல்ல. பேட்டரிக் கடையில் மாற்றிக்கொள்ளப் போகிறேன். அதன் பக்கத்தில் இருக்கும் கைச்சுற்று மெஷினும் அப்படியே. அது எங்கள் வீட்டுக்கு வருகிறது.

ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே உலோகத்தின் பெயரும் கிலோ விலையும் எழுதி அனுப்புங்கள். எதையாவது நான் தவறாகச் சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள், மறுபடி கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புகிறேன். வண்டிக்கூலி யார் பக்கம் என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை காலை 9 மணி முதல் பட்டறையில் இருப்பேன். எலெக்ட்ரானிக் தராசு கொண்டு வாருங்கள். வெறும் தட்டில் பூஜ்யம் காட்டியதைப் பார்த்துவிட்டு ஏற்ற ஆரம்பிக்கலாம்.