டிசைனர் வேலைக்கு வந்த ரெஸ்யூம் பற்றி

அக்கா,

நேற்று நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமை இரண்டு தடவை படித்தேன். போர்ட்ஃபோலியோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நேரில் கூப்பிடலாம் என்பதுதான் என் முடிவு. முதல் பக்கத்தைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. இரண்டாம் பக்கத்தின் அடியில், போனால் போகிறது என்று போட்டிருக்கிற இரண்டு வரிக்காகச் சொல்கிறேன்.

விளம்பரத்தில் நாம் கேட்டது மூன்று: பேட்டர்ன் போட வேண்டும், சாம்பிளை அப்ரூவல் வரை கொண்டுபோக வேண்டும், அப்புறம் புரொடக்‌ஷனையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு சம்பளத்துக்கு மூன்று ஆளா என்று நம் கட்டிங் மாஸ்டர் சிரிக்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

பேட்டர்னில்தான் எனக்குச் சந்தேகம். திறமைகள் என்ற கட்டத்தில் பேட்டர்ன் மேக்கிங்குக்கு ஐந்துக்கு ஐந்து ஸ்டார் போட்டிருக்கிறார். கீழே வேலை விவரத்தில் பார்த்தால் ‘பேட்டர்ன் மாஸ்டருக்கு உதவியாக’ என்று இருக்கிறது. போர்ட்ஃபோலியோவின் 9-ஆம் பக்கத்தில் ஒரு குர்தி பேட்டர்ன் இருக்கிறது, அவர் கையால் போட்டது அது ஒன்றுதான். ஸ்லீவில் முன்பக்கம் ஒரு நாட்ச், பின்பக்கம் இரண்டு நாட்ச். சரியாக வைத்திருக்கிறார், தையல் லைனில் நின்று பார்த்தவர் வேலை அது. சீம் அலவன்ஸும் குறித்திருக்கிறார். ஆனால் ஸ்லீவில் கிரெயின்லைன் அம்பு இல்லை. ஆர்ம்ஹோல் வளைவு முன்னும் பின்னும் ஒன்றுபோலவே இருக்கிறது. முன் வளைவைக் கொஞ்சம் உள்ளே வாங்கிப் போடாவிட்டால் அக்குள் பக்கம் துணி திரண்டு நிற்கும். போன தீபாவளி ஆர்டரில் நாமே பட்டோமே, அதே கோளாறு. அப்புறம், போட்டிருப்பது M சைஸ் மட்டும். அதை XXL வரை கிரேடிங் செய்த தடயம் எங்கேயும் இல்லை.

சாம்பிளிங்கில் தெளிவாக இருக்கிறார். புரோட்டோ, ஃபிட், சைஸ் செட், பிரீ-புரொடக்‌ஷன் என்று வரிசை மாறாமல் எழுதியிருக்கிறார். ‘8 மாதத்தில் 120 சாம்பிள்’ என்ற வரியை நான் கணக்கில் எடுக்கவில்லை. எத்தனை ஸ்டைல், ஒவ்வொன்றும் எத்தனை தடவை திரும்பி வந்தது என்று தெரியாமல் 120-ஐ வைத்து என்ன செய்வது? ஒரு ஃபிட் கமெண்ட் தாளைப் படம் எடுத்துச் சேர்த்திருக்கிறார். பையர் ‘கழுத்து முன்பக்கம் கால் இன்ச் இறக்கவும்’ என்று எழுதியதற்குப் பக்கத்தில், பென்சிலில், ‘இறக்கினால் பட்டை நீளமும் மாறும், அதையும் மாற்றியாச்சு’ என்று குறிப்பு. நூற்றியிருபது சாம்பிளைவிட எனக்கு இந்தப் பென்சில் வரி பெரிது.

துணி விரயத்தை 30% குறைத்தாராம். வெட்டுவதற்குப் பேட்டர்ன்களைத் துணி அகலத்தில் அடுக்கிப் போடுகிற மார்க்கரில் 80, 85 சதவீதம் துணி பயன்படுவது வழக்கம். மிச்சம் 15, 20. அதில் 30% என்றால் ஐந்து, ஆறு பாயின்ட். நடக்காத கணக்கு இல்லை. ஆனால் மார்க்கர் போட்டது யார்? அதை நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது அந்த இரண்டு வரி: ‘கொருக்குப்பேட்டை ஜாப் ஒர்க் யூனிட், 14 மாதம். கட்டிங் கணக்கு, டிரிம்ஸ் வரவு, லைனுக்கு பண்டில் கொடுப்பது, ஃபைனல் செக்கிங் ரிப்போர்ட்.’ நாம் புரொடக்‌ஷன் கோஆர்டினேஷன் என்று அழகாகப் பெயர் வைத்துக் கேட்டது இதைத்தானே! கல்லூரி ராம்ப் ஷோ படத்துக்கு அரைப் பக்கம் கொடுத்தவர், இதைக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்து அடியில் தள்ளிவிட்டார் போல. நம்மிடம் ராம்ப் இல்லை, பதினெட்டு மெஷின்தான் இருக்கிறது.

நடுவில் ஐந்து மாதம் வேலை இல்லாத இடைவெளி தெரிகிறது. அது எனக்குப் பெரிய விஷயமில்லை. கல்யாணம், குழந்தை என்று யாரும் கேட்க வேண்டாம், அக்கா. வீடு திருவொற்றியூர் என்று இருக்கிறது. மெட்ரோ ஏறினால் வண்ணாரப்பேட்டை வந்துவிடலாம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள், கட்டிங் டேபிள் காலியாக இருக்கும். பிரவுன் பேப்பரும் M சைஸ் அளவும் கொடுத்து, ஒரு குர்திக்கு முன், பின், ஸ்லீவ் போடச் சொல்லி, அதையே L-க்கு கிரேடு செய்யச் சொல்கிறேன். கொடுக்கிற அளவுச் சார்ட்டில் XL ஸ்லீவ் நீளத்தை L-ஐவிடக் குறைவாக வைத்துவிடுவேன். கண்டுபிடித்துக் கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஜிப் வரவில்லை, லைன் காத்திருக்கிறது, என்ன செய்வீர்கள் என்று நீங்கள் கேளுங்கள்.

ஆர்ம்ஹோலில் மறுபடி தப்பு விட்டாலும் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மாஸ்டர் பக்கத்தில் மூன்று மாதம் நின்றால் அது வந்துவிடும். சார்ட்டில் இருக்கிற தப்பைப் பார்க்காமல் விட்டால் மட்டும் எனக்கு யோசனைதான்.