பந்திக்கு முன் மூன்று நிமிடம்

வேதாகமத்தைத் திறக்க வேண்டாம், நமக்கெல்லாம் பழகிப்போன பகுதிதான், முதலாம் கொரிந்தியர் 11ஆம் அதிகாரம்.

அதில் வரும் "அபாத்திரமாய்" என்ற வார்த்தைக்குப் பயந்தே எத்தனையோ முறை அப்பத் தட்டைத் தொடாமல் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டவன் நான். அந்த வாரம் வீட்டில் சண்டை போட்டிருப்பேன், ஒழுங்காக ஜெபித்திருக்க மாட்டேன், சரி, பாத்திரவானாக ஆனபிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். அப்படி ஒரு வாரம் வரவே இல்லை.

அப்புறம் ஒருநாள் அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் மேலேயிருந்து, 17ஆம் வசனத்திலிருந்து படித்தேன். பவுலுக்குக் கோபம் வந்தது பந்தி நடந்த லட்சணத்தைக் கேள்விப்பட்டு. வசதி உள்ளவன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டுவிடுகிறான், ஒருவன் குடித்து வெறித்திருக்கிறான், அதே கூட்டத்தில் இன்னொருவன் பசியோடு உட்கார்ந்திருக்கிறான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். கர்த்தருடைய பெயரைச் சொல்லிக் கூடிவிட்டு, பக்கத்தில் இருப்பவனை மறந்து சாப்பிடுவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் அவர் சொல்வது எவ்வளவு எளிமையான காரியம் பாருங்கள்: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்."

இதனால் எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஆகாது. சோதித்தறியச் சொல்கிறார், ஆனால் சோதித்தறிந்து எழுந்து போ என்று எழுதவில்லை, சோதித்தறிந்து புசி என்றுதான் எழுதியிருக்கிறார். அதனால் இப்போது கண்ணை மூடும்போது வாரம் முழுவதையும் தோண்ட வேண்டாம். ஒரே ஒரு முகத்தை யோசியுங்கள். இன்றைக்கு வாசலில் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்து வந்தீர்களே, அந்த முகம். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கலாம். அவருக்கும் இதே அப்பத்திலிருந்துதான் ஒரு துண்டு. ஆண்டவரிடம் அவர் பெயரைச் சொல்லுங்கள், உங்கள் பக்கத்துத் தப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஆராதனை முடிந்ததும் போய்ப் பேசுங்கள். இப்போதே எழுந்து போக வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போங்கள், நாங்கள் காத்திருப்போம்.

முதல் முறையாக வந்திருப்பவர்கள், இன்னும் இயேசுவை விசுவாசிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், தட்டு வரும்போது சும்மா அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டோம்.

அப்பம் கைக்கு வந்ததும் வாயில் போட்டுவிடாதீர்கள், அது நம் பழக்கமாகிவிட்டது. உள்ளங்கையிலேயே வைத்திருங்கள். கடைசி வரிசையில் நடக்க முடியாமல் இருக்கும் அம்மாவுக்கும், வாசலில் நிற்கும் தம்பிகளுக்கும், ஒலிபெருக்கி அறையில் இருப்பவருக்கும் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். கையில் இருப்பது சின்னத் துண்டுதான், லேசாக அழுத்தினாலே உதிரும். "இது உங்களுக்காகப் பிட்கப்படுகிற என்னுடைய சரீரம்" என்று இயேசு சொன்னதை அதைப் பார்த்தபடியே மெதுவாக நினையுங்கள். எல்லாருக்கும் கிடைத்துவிட்டது என்று நான் சொன்னதும் சேர்ந்து புசிப்போம், பாத்திரமும் அப்படியே.

பரிமாறுகிறவர்கள் முன்னே வாருங்கள்.