பழைய டைரி தந்த சாருக்கு

காடாம்புலியூர்,
30-12-2025

அன்புள்ள சார்,

வணக்கம். உங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? வீட்டில் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் "சரிம்மா, நல்லா பண்ணு" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினதைப் பாதியில் வைக்க மாட்டீர்கள். பேங்கில் ஃபைல் படித்த பழக்கம்.

இன்று டிசம்பர் 30. 2011-ல் இதே நாள் விடியற்காலையில்தான் தானே புயல் எங்கள் முந்திரித் தோப்பைச் சாய்த்தது. மறுநாள் அப்பா தோப்புக்குள் போய்விட்டு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம்தான் வெளியிலிருந்து கொட்டை வாங்கி உடைக்கிற தொழிலுக்கு வந்தார். அவருக்கு எல்லாக் கணக்கும் மனசுக்குள்ளேயே இருந்தது. அவர் போனபோது கணக்கும் கூடவே போய்விட்டது. ஷெட், பருப்பை உலர்த்துகிற போர்மா, பாய்லர், ஒன்பது பெண்கள், கொஞ்சம் கடன், இவ்வளவுதான் என் கைக்கு வந்தது.

இந்த ஜனவரியில், பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், திருப்பாதிரிப்புலியூரில் பஸ் இறங்கி மஞ்சக்குப்பத்தில் உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தது நினைவிருக்கும். தானாக ஓடு வெட்டும் மெஷினுக்கு லோன் கேட்க எந்த பேங்குக்குப் போகலாம் என்று கேட்டேன். நீங்கள் லோனைப் பற்றிப் பேசவே இல்லை. "ஒரு மூட்டைக்கு எத்தனை கிலோ பருப்பு வருது?" என்றீர்கள். "சுமாரா இருபத்திரண்டு சார்" என்றேன். "சுமாரா என்பது எந்தத் தராசு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய், உபயோகிக்காத 2024 டைரி ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அன்று பஸ்ஸில் வரும்போது கோபம்தான் வந்தது. லோன் கேட்கப் போனவளுக்குப் போன வருஷ டைரி. நெல்லிக்குப்பம் தாண்டுகிற வரைக்கும் அதைத் திறக்கவே இல்லை.

அந்த டைரியில் கிழமை எப்போதும் தப்பு. பிப்ரவரி முடிகிற வரைக்கும் இரண்டு நாள் இடறியது, மார்ச்சிலிருந்து ஒரு நாள். இன்று செவ்வாய், அதில் திங்கள். லீப் வருஷ டைரி என்பதால் பிப்ரவரி 29 பக்கம் மீந்தது. அதை அட்வான்ஸ் வாங்கினவர்கள் பேருக்கு ஒதுக்கினேன். மற்ற எல்லாப் பக்கத்திலும் நீங்கள் சொன்ன ஆறு எண்தான்: வேகவைத்த கொட்டை, வெட்டியபின் பருப்பு, போர்மாவுக்குப் போன எடை, வெளியே வந்த எடை, தோல் உரித்தபின் முழுசு எவ்வளவு, உடைசல் எவ்வளவு. முதல் மாதம் எனக்கே வெட்கமாக இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நூறு கிலோ பருப்பில் முழுப்பருப்பு 64 கிலோதான். மீதி எல்லாம் உடைசல், குருணை. முழுசுக்கும் உடைசலுக்கும் விலையில் இருக்கிற தூரம் உங்களுக்குத் தெரியும்.

நான் மெஷின் கேட்டது வெட்டும்போது உடைகிறது என்று நினைத்து. டைரி வேறு மாதிரி சொன்னது. எங்கள் பெண்கள் காலால் மிதித்து வெட்டுகிற கட்டரில் உடைவது கொஞ்சம்தான். உடைசல் முழுக்கத் தோல் உரிக்கிற அறையில். அதிலும் சில நாட்களில் அதிகம். எந்த நாட்கள் என்று பார்த்தால், போர்மாவிலிருந்து எடுத்த சூட்டோடு உரிக்கக் கொடுத்த நாட்கள். காய்ந்து மொறுமொறுப்பாக வருகிற பருப்பு விரல் பட்டாலே இரண்டாகிறது. அதைத் தட்டில் பரப்பி, ஆற வைத்து, காற்றில் கொஞ்சம் ஈரம் இழுக்கவிட்டு அப்புறம் உரித்தால் தாங்குகிறது. ரொம்ப நேரம் விட்டால் அதுவும் வம்பு. இந்த நவம்பர் மழையில் தோல் பருப்போடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது, திரும்ப போர்மாவில் வைக்க வேண்டியதாயிற்று. நேரத்தைச் சரிபார்க்க ஒரு மாதம் ஆனது. இதற்கு ஒரு ரூபாய் முதலீடு இல்லை சார். லோன் வாங்கியிருந்தால் இல்லாத நோய்க்கு மருந்து வாங்கி மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருப்பேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் பேச்சை நான் ஒரு இடத்தில் கேட்கவில்லை. ஏப்ரலில் ஷெட்டுக்கு வந்தபோது எங்கள் சின்னம்மாவைக் காட்டி, "ஆறு இடம்தான் இருக்கு, மத்தவங்க ஏழு கிலோ உரிக்கிற இடத்தில இவங்க ஐந்து கிலோதான் உரிக்கிறாங்க, இவங்களைத் தூத்துப் பெருக்குற வேலைக்கு மாத்து" என்றீர்கள். சரி சார் என்று தலையை ஆட்டினேன். மனசு வரவில்லை. அப்பா காலத்து ஆள். அதனால் உங்கள் வழியையே பிடித்தேன். பத்து நாள் ஒவ்வொருவரும் உரித்ததைத் தனித்தனித் தட்டில் வாங்கி நிறுத்தேன். மற்ற ஐந்து பேருக்கும் நூற்றுக்கு எழுபதை ஒட்டி முழுசு வந்தது. சின்னம்மாவுக்கு 91. கண் மங்கலானதால் அவர் கத்தியையே தொடுவதில்லை. கட்டை விரலால் தேய்க்கிறார். வராத பருப்போடு மல்லுக்கட்டுவதில்லை. "இதுக்கு இன்னும் சூடு போதலை" என்று ஒரு கிண்ணத்தில் ஒதுக்கி வைக்கிறார். அந்தக் கிண்ணத்தை இப்போது ஆறு பேருக்கும் கொடுத்திருக்கிறேன். கூலியிலும் கிலோவுக்கு இவ்வளவு என்பதோடு முழுசுக்குத் தனியாகக் கொஞ்சம் சேர்த்தேன். நவம்பர் வரையான கணக்கில் நூற்றுக்கு 75 முழுப்பருப்பு. நீங்கள் சொன்ன தராசே உங்களைத் தோற்கடித்துவிட்டது, அதற்கும் உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

கொட்டை வாங்குகிற விஷயத்தில் உங்கள் பேச்சை அப்படியே கேட்டேன். மே மாதம் ஒரு வியாபாரி 50 மூட்டை கொண்டுவந்தார், மூட்டைக்கு 80 கிலோ. நிறம் நன்றாக இருந்தது. அப்பாவாக இருந்தால் கையில் அள்ளிக் குலுக்கிப் பார்த்து இறக்கச் சொல்லியிருப்பார். நான் குத்தூசியை வெவ்வேறு மூட்டைகளில் குத்தி ஒரு கிலோ எடுத்து அறுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது கிலோவுக்கு 270 கிராம் பருப்பு, தோலோடு. எனக்கு வந்தது 243. மூட்டைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் குறைகிறது, 50 மூட்டைக்கு 108 கிலோ. பேப்பரில் எழுதிக் காட்டினேன். "உங்கப்பா இப்படியெல்லாம் பார்க்க மாட்டார்மா" என்றார். "அதனாலதான் இப்ப நான் பார்க்கிறேன்" என்றேன். விலையைக் குறைத்து 30 மூட்டை இறக்கினார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியவரிடம் வாய் நீண்டுவிட்டதோ என்று.

பாக்கி வசூல் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் சொன்னபடி ஜனவரியிலேயே சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு செய்தேன். இலவசம் என்று நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் ஓர் ஏஜென்ட்டுக்கு 2,500 ரூபாய் கொடுத்திருப்பேன், பேசி முடித்திருந்தேன். அந்த எண்ணையும் "45 நாளுக்குள்" என்ற வரியையும் பில்லில் அச்சடித்தேன். சரக்கு வாங்கியவர் பணம் கொடுக்க, எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கிடையாது என்று நீங்கள் சொன்னதை டைரியின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். ஜனவரி 27-ல் சரக்கு அனுப்பிய சென்னைக் கடையிலிருந்து மார்ச் கடைசி வாரத்தில் ஆடிட்டரே போன் செய்தார். பணம் நிலுவையில் இருந்தால் அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாதாம், அதனால் அவசரம். பணம் கொடு என்று நான் கேட்காமல், வாங்கிக்கொள் என்று ஒருவர் கேட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. ஆனால் பதிவுக்கு முந்தைய பழைய பாக்கி 1,86,000 ரூபாய்க்கு இது உதவாது, நேரில் போய் உட்கார் என்றீர்கள். மூன்று தடவை போய் உட்கார்ந்தேன். பாதி வந்திருக்கிறது. மீதி வருமா என்று தெரியவில்லை, வராது என்று வைத்தே கணக்குப் போட்டிருக்கிறேன்.

அப்பாவின் கடனில் வெளிக்கடன் முடிந்துவிட்டது. பேங்க் கடன் ஓடுகிறது. சாய்ந்த தோப்பில் காலியாகக் கிடந்த ஒரு மூலையில் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒட்டுக்கன்று வாங்கி ஐப்பசி மழையோடு நட்டிருக்கிறேன், வி.ஆர்.ஐ. 3 ரகம், 40 கன்று. மூன்று பட்டுப்போயின. அம்மா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். தானேவுக்கு அப்புறம் அந்தப் பக்கமே போகாதவர்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மஞ்சக்குப்பம் வருகிறேன். இரண்டு கிலோ 240 தர முழுப்பருப்பு கொண்டுவருவேன், வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ஒரு பாக்கெட் சின்னம்மா உரித்தது, தனியாகப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஓர் உடைசல் இருந்தாலும் எனக்குச் சொல்லுங்கள், அவரிடம் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. இன்னொன்று, பேங்கில் உங்களுக்கு வருஷாவருஷம் டைரி அனுப்புகிறார்கள் அல்லவா? 2025 டைரியில் எதுவும் எழுதியிருக்க மாட்டீர்கள். யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
கலைச்செல்வி