பொருள்: தரைத்தளக் கடை ஒப்பந்தம் – உள்வேலைக்கு வாடகையில்லாத 60 நாள், ஆண்டு வாடகை உயர்வுக்கு வரம்பு

வணக்கம் சார்,

நீங்கள் அனுப்பிய ஒப்பந்த வரைவைப் படித்தேன். ஐந்து வருடக் காலம், நீங்கள் சொன்ன மாத வாடகை, ஆறு மாத அட்வான்ஸ் மூன்றுக்கும் எனக்குச் சம்மதம், பேரம் இல்லை. இரண்டு இடங்களை மட்டும் மாற்றித் தரக் கேட்கிறேன்.

முதலாவது உள்வேலைக் காலம். முன்பு இருந்தவர் தடுப்புச் சுவர்களைப் பெயர்த்து எடுத்துப் போனதில் தரையில் பாதி டைல்ஸ் உடைந்து கிடக்கிறது, வயர்கள் வெட்டிய இடத்திலேயே தொங்குகின்றன, ஷட்டரும் இடது பக்கம் பாதியில் சிக்கிக்கொள்கிறது. கண் கண்ணாடிக் கடைக்குப் பரிசோதனை அறை, லென்ஸ் வெட்டும் மெஷினுக்குத் தனி லைன், ஷோகேஸ் என்று எல்லாம் முடிய இரண்டு மாதம் ஆகும் என்று கான்ட்ராக்டர் சொல்கிறார். அதனால் சாவி கொடுத்த நாளிலிருந்து 60 நாளுக்கு வாடகை வேண்டாம் என்று எழுதுங்கள். அந்த நாட்களின் மின்கட்டணமும் பராமரிப்புத் தொகையும் என் பொறுப்பு. மின் இணைப்பு அப்போது தயாராக இல்லையென்றால் இணைப்பு வந்த நாளிலிருந்துதான் 60 நாளை எண்ண வேண்டும், ஏனென்றால் கரண்ட் இல்லாமல் அங்கே எந்த வேலையும் நடக்காது. ஒப்பந்தம் தொடங்கும் தேதியையும் வாடகை தொடங்கும் தேதியையும் தனித்தனியாகப் போட்டுவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

இரண்டாவது, வாடகை உயர்வு. "ஆண்டுதோறும் சந்தை நிலவரப்படி, குறைந்தது 10 சதவீதம்" என்று இருக்கிறது. குறைந்தது எவ்வளவு என்று இருக்கிறதே தவிர, அதிகபட்சம் எவ்வளவு என்று எங்கேயும் இல்லை. வெறும் பத்து என்றே வைத்தாலும் கூட்டிக்கொண்டே போய் ஐந்தாம் வருடம் இன்றைய வாடகையைவிட 46 சதவீதம் அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும், புதிதாகத் தொடங்கும் கடை அதைத் தாங்காது. ஆண்டுக்கு அதிகபட்சம் 5 சதவீதம் என்று வையுங்கள், அப்போதும் ஐந்தாம் வருடத்தில் உங்களுக்குக் கிட்டத்தட்ட 21.5 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். முதல் உயர்வு, வாடகை தொடங்கி 12 மாதம் முடிந்த பிறகு. அதுவும் வாடகைக்கு மட்டும், அட்வான்ஸை ஏற்றக் கூடாது. சந்தை நிலவரம் என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள், அதை யார் முடிவு செய்வது என்பதிலேயே சண்டை வரும்.

சும்மா கேட்கவில்லை சார். என் பக்கம் மூன்று வருட லாக்-இன் தருகிறேன், வரைவில் ஒரு வருடம்தான் இருக்கிறது. அதற்குள் நான் காலி செய்தால் அந்த 60 நாள் வாடகையையும் அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாம். டைல்ஸும் வயரிங்கும் என் செலவு, போகும்போது பெயர்த்து எடுக்க மாட்டேன். ஷட்டரை மட்டும் சாவி தருமுன் நீங்கள் சரி செய்து கொடுங்கள்.

60 நாள் அதிகம் என்று தோன்றினால் 45 நாள் முழு விலக்கு, அடுத்த 30 நாள் பாதி வாடகை என்றும் போடலாம், எனக்குச் சரி. 5 சதவீத வரம்பில் மட்டும் இறங்கி வர முடியாது.

வியாழக்கிழமைக்குள் பதில் சொன்னால் நல்லது, வெள்ளிக்கிழமை கான்ட்ராக்டருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். சம்மதம் என்றால் திருத்திய வரைவை அனுப்புங்கள், அன்றே கையெழுத்துப் போட்டு அட்வான்ஸ் முழுவதையும் வங்கியில் போட்டுவிடுகிறேன்.

நன்றி,
செந்தில்